ஆண்டு விழாவுக்கு எட்டு வரி வரவேற்புப் பாட்டு

"வணக்கம் ஐயா. பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிப்ரவரி கடைசியில் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினரை வரவேற்க ஒரு பாட்டு எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தலைமையாசிரியர் என்னிடம் விட்டிருக்கிறார். சின்னதாகவும் அன்பாகவும் இருக்க வேண்டும். விருந்தினர் யார் என்பதே இன்னும் முடிவாகவில்லை. பாட்டை எப்படி அமைப்பது, எந்த ராகத்தில் பாடவைப்பது? எனக்கு இசை அவ்வளவாகத் தெரியாது."

விருந்தினர் முடிவாகாதது உங்களுக்கு நன்மைதான். யார் வந்தாலும் பொருந்தும்படி பாட்டை அமைத்துவிட்டு, ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி விட்டுவைத்தால், விழாவுக்கு முந்தைய நாள் மாலையில் விருந்தினர் மாறினாலும் பிள்ளைகள் கலங்க மாட்டார்கள். பெயரைப் பாட்டுக்குள் வைத்துப் பல நாள் பழக்கிய பிறகு விருந்தினர் மாறிவிட, மேடையில் பாதிப் பிள்ளைகள் பழைய பெயரையும் பாதிப் பேர் புதிய பெயரையும் பாடுவது பள்ளி விழாக்களில் நடக்கிற ஒன்றுதான். பெயரைச் சொல்வதற்கு நிகழ்ச்சித் தொகுப்பாளர் இருக்கிறார். பட்டம், பதவி, சாதனை எல்லாவற்றையும் சொல்வதற்கு அடுத்து வரும் வரவேற்புரை இருக்கிறது. பாட்டுக்கு மிஞ்சுவது அன்பைச் சொல்லும் வேலை ஒன்றுதான். அந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்தால் பாட்டு தானாகவே சிறிதாகிவிடும்.

என்ன சொல்வது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். "ஆதவனே, அறிவுக்கடலே, கலங்கரை விளக்கே" என்று அடுக்கினால் வருகிறவருக்கே கூச்சமாக இருக்கும். அந்த வரிகளை எந்த மாவட்டத்தின் எந்தப் பள்ளியிலும் எவருக்கும் பாடலாம். நீங்கள் இருப்பது தகடூர் மண்ணில். வரவேற்பைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்ட மிகச் சிறந்த சொற்களில் சில உங்கள் ஊர் மன்னனைப் பற்றியவை. புறநானூற்றின் 101ஆம் பாட்டில் ஔவையார், ஒரு நாள் அல்ல இரண்டு நாள் அல்ல, பல நாளும் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அதியமான் முதல் நாள் காட்டிய அதே விருப்பத்தோடுதான் நடந்துகொள்வான் என்கிறார். அவர் அங்கே சொல்லும் தொடர் "தலைநாள் போன்ற விருப்பினன்" என்பது. அதே தொகுப்பின் 91ஆம் பாட்டில், அரிதில் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த செய்தி வருகிறது. தருமபுரிப் பிள்ளை ஒன்று மேடையில் நின்று "முதல் நாள் விருந்தாய் வாருங்கள்" என்று பாடினால், அந்த வரிக்குப் பின்னால் பக்கத்திலிருக்கும் அதியமான்கோட்டை நிற்கிறது. இந்தக் கருத்து ஒன்றே உங்கள் பாட்டுக்குப் போதும். இரண்டாவதாக ஒன்றைத் தேட வேண்டாம்.

இனி யாப்பு. இசை தெரியாது என்கிறீர்கள். அசை பிரிக்கத் தெரியுமல்லவா, இங்கே அதுதான் வேண்டும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை கொண்டது. ஓர் அசைக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால், நான்கு ஈரசைச் சீர் கொண்ட ஓர் அடி தாளத்தின் ஒரு சுற்றில் மிகாமலும் குறையாமலும் உட்கார்ந்துவிடும். நேரசையானாலும் நிரையசையானாலும் எண்ணிக்கை ஒன்றுதான். நிரையில் வரும் இரண்டு எழுத்தையும் ஓர் எண்ணிக்கைக்குள் விரைவாகச் சொல்லிவிடலாம். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மெட்டுப் போடுகிறவர் எவராக இருந்தாலும் உங்கள் வரியை உடைக்க வேண்டியிருக்காது, பிள்ளைகளுக்கும் எங்கே மூச்சு விடுவது என்பதில் குழப்பம் வராது.

கணக்குப் பார்க்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி பாருங்கள். "எங்கள் பள்ளிக்கு வருகை தந்த சிறப்பு விருந்தினரே" என்பது இலக்கணப்படி குற்றமற்ற தொடர்தான். அசை பிரித்தால் எங், கள், பள், ளிக், கு, வரு, கை, தந், த, சிறப், பு, விருந், தின, ரே என்று பதினான்கு வருகிறது. எட்டில் அடங்காது, இரண்டு சுற்றுக்கான பதினாறையும் எட்டாது. பிள்ளைகள் முன்னுள்ள அசைகளை மளமளவென்று ஒப்பித்துவிட்டுக் கடைசி "ரே"யை இழுத்து நிற்பார்கள். ஒத்திகையில் ஒரு வரி உரைநடைபோல ஓடி, முடிவில் மட்டும் இசையாக நீண்டால், குறை பிள்ளைகளிடம் இல்லை, அந்த வரியில் அசை கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

மேலே சொன்ன கருத்தையும் கணக்கையும் வைத்து உங்களுக்காக எழுதியது இது. வேண்டியபடி திருத்திக்கொள்ளுங்கள்.

பல்லவி

வாருங்கள் ஐயா வாருங்கள்
முதல்நாள் விருந்தாய் வாருங்கள்

சரணம் 1

தகடூர் வாசல் அடைத்த தில்லை
தலைநாள் அன்பு குறைந்த தில்லை
ஔவை நடந்த மண்ணில் இன்று
அதியன் கொடுத்த நெல்லி தருவோம்

சரணம் 2

பரிசு வாங்கக் கைகள் துடிக்கும்
பாட்டும் கூத்தும் காத்து நிற்கும்
உயிரைக் காக்கும் தங்கள் வரவால்
ஊரே இன்று பள்ளி வந்தது

சரணங்களில் எட்டு வரிதான். ஒவ்வொரு வரியையும் அசை பிரித்துப் பாருங்கள். எட்டுக்கு எட்டு வரும். "அடைத்த தில்லை", "குறைந்த தில்லை" என்று பிரித்து எழுதியிருப்பதும் சீர் கணக்குக்காகத்தான். சேர்த்து எழுதினால் "ததில்" என்று ஒரே நிரையாகி ஓர் எண்ணிக்கை குறைந்துவிடும். பல்லவியின் முதல் வரி வா, ருங், கள், ஐ, யா, வா, ருங், கள் என்று எட்டு. இரண்டாவது வரியில் ஏழுதான் இருக்கிறது. கடைசிக் "கள்" மட்டும் இரண்டு எண்ணிக்கைக்கு நீள வேண்டும். அது தெரிந்தே விட்டது. சுற்று முடிகிற இடத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும்.

தகடூர், தலைநாள் என்றும், பரிசு, பாட்டு என்றும் இரண்டிரண்டு அடிகள் மோனையில் இணைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஔவை, அதியன் என்பதும் மோனைதான். அகரத்துக்கு ஔகாரம் இனமாகும். மோனை அழகுக்காக மட்டும் வைத்ததன்று. மேடையில் பதற்றப்படும் பிள்ளை அடுத்த வரியை மறப்பது பெரும்பாலும் அதன் முதல் சொல்லைத்தான். முந்தைய வரியின் முதல் எழுத்து அதை எடுத்துக் கொடுத்துவிடும்.

"ஐயா" என்ற சொல்லில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வருகிறவர் பெண்மணியானால் அங்கே "அம்மா" என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டுமே நேர் நேர் என்று அமைந்தவை, மெட்டு சிறிதும் அசையாது. மேடையில் இருவருமே இருந்தால், பல்லவியை எப்படியும் இரண்டு முறை பாடப்போகிறீர்கள் என்பதால், முதல் முறை ஐயா, இரண்டாம் முறை அம்மா என்று பாடவையுங்கள். ஊராட்சித் தலைவரும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் மேடையில் இருக்கும்போது யார் பெயர் பாட்டில் வந்தது, யார் பெயர் வரவில்லை என்ற மனத்தாங்கலுக்கும் இதில் இடமில்லை. வினைச்சொற்களிலும் ஆண் பெண் வேறுபாடு காட்டும் முடிவுகளை வைக்கவில்லை. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: "வாருங்கள்" என்று தொடங்கிவிட்டால் பிறகு "உம்மை", "உன் வரவால்" என்று இறங்கக்கூடாது. எதுகைக்காக மரியாதையைக் கைவிடுகிற பாட்டுகள் நிறையவே இருக்கின்றன. பிள்ளைகள் பெரியவரைப் பார்த்து "உன்னை" என்று பாடுவது காதில் உறுத்தும்.

மாற்றிக்கொள்ளும் இடம் என்று சொன்னது இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரியில் முதல் இரண்டு சீர். மேலே மருத்துவர் வருவதாக எண்ணி "உயிரைக் காக்கும்" என்று வைத்திருக்கிறேன். காவல்துறை அதிகாரி வந்தால் "ஊரைக் காக்கும் தங்கள் வரவால்" என்று பாடலாம்; அடுத்த வரியும் "ஊரே" என்று தொடங்குவதால் அது இன்னும் நன்றாகவே ஒட்டும். வேளாண்மை அலுவலருக்கு "உழவைப் போற்றும்", கல்லூரிப் பேராசிரியருக்கோ கல்வி அலுவலருக்கோ "உலகைக் காட்டும்" என்று வைக்கலாம். உங்கள் பள்ளியிலேயே படித்துப் பெரிய நிலைக்கு வந்த ஒருவர் கிடைத்தால், அவரைவிடப் பொருத்தமான விருந்தினர் இல்லை என்பது என் எண்ணம். அவருக்கு "ஊரின் பிள்ளை தங்கள் வரவால்" என்று பாடுங்கள். யாரென்றே தெரியாமல் கடைசி நேரம் வந்துவிட்டால் "உறவு சொல்லும்" என்பது எவருக்கும் பொருந்தும். எல்லாமே நான்கு அசை, எல்லாமே உகரத்திலோ ஊகாரத்திலோ தொடங்குபவை. அதனால் "ஊரே" என்ற மோனை எந்த மாற்றத்திலும் கெடாது. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் குழப்ப வேண்டாம். பழகும்போது "உறவு சொல்லும்" என்றே பழக்குங்கள். விருந்தினர் உறுதியான பிறகு அந்த இரண்டு சீரை மட்டும் கரும்பலகையில் எழுதி மாற்றிவிடலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் இந்தப் பாட்டைக் கேட்பார்கள் என்பதால் முதல் சரணத்துக்கு மாற்றாக அவர்களுக்கென ஒன்றைத் தருகிறேன்.

மாம்பூ மணக்கும் தோப்பு வழியே
மலைகள் தாண்டி வந்த விருந்தே
பெண்ணை ஆற்றின் கரையில் நாங்கள்
பிள்ளை மொழியில் பாடி நின்றோம்

கிருஷ்ணகிரி என்றதும் எல்லாரும் மாம்பழத்தைப் பாட்டில் வைத்துவிடுவார்கள். ஆனால் ஆண்டு விழா நடக்கிற பிப்ரவரியில் தோப்பில் பழம் ஏது, பூதான் இருக்கும். விருந்தினர் வருகிற வழியெல்லாம் மரங்கள் பூத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். அவர் கண்ணால் கண்டதைப் பாட்டில் சொன்னால் அவருக்குச் சட்டென்று பிடித்துவிடும். அந்தப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களுக்கு ழகரம் அடுத்தடுத்து வரும் சொற்களைக் கொடுத்து மேடையில் தடுமாற வைக்க வேண்டியதில்லை; மேலே "வழியே", "மொழியில்" என்று இரண்டோடு நிறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

ராகத்துக்கு வருவோம். உங்கள் பாட்டு மேடையில் எதற்கு அடுத்து வருகிறது என்பதைப் பொறுத்தே ராகத்தைத் தீர்மானிக்க வேண்டும். விழா தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கும். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணி எனப்படும் மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று சொல்கிறது. பள்ளிக்கூடப் பாட்டு என்றால் பலரும் முதலில் தேடுவதும் மோகனத்தைத்தான். எளிய ராகம், பிள்ளைகள் வாயில் உடனே வரும். ஆனால் எல்லாரும் எழுந்து நின்று கேட்ட வாழ்த்தின் ராகத்திலேயே, அதே நடையில், சில நிமிடங்களில் இன்னொரு பாட்டு வந்தால் கேட்கிறவர்களுக்கு வாழ்த்தே நீள்வது போலிருக்கும்; முன்வரிசையில் சிலர் எழலாமா வேண்டாமா என்று பக்கத்தில் பார்ப்பார்கள். அதனால் ராகத்தையும் நடையையும் இரண்டையுமே மாற்றிவிடுங்கள். நான்கன் நடையில், அதாவது சதுசிர நடையில், ஆதி தாளம். ராகம் ஹம்சத்வனி.

ஹம்சத்வனியில் ஸ, ரி, க, ப, நி என்று ஐந்தே சுவரங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வளைவு இல்லை. கச்சேரிகளில் தொடக்கத்தில் பாடுவதற்கு விரும்பி எடுக்கப்படும் ராகம் அது. கேட்டவுடன் விழா தொடங்கிவிட்டது என்ற உணர்வு வரும். மத்யமாவதியும் எளிதுதான், ஆனால் மங்களம் பாடி முடிக்கும் ராகமாகவே காதுக்குப் பழகிவிட்டதால் வரவேற்க அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சினிமா மெட்டில் வரிகளை மாற்றிப் போடுவதை அடியோடு தவிருங்கள். நீங்கள் எவ்வளவு நல்ல வரி எழுதியிருந்தாலும் பின்வரிசையில் இருக்கும் பையன்கள் மூல வரிகளைத்தான் சேர்ந்து பாடுவார்கள்.

பல்லவிக்கு ஒரு மெட்டு தருகிறேன். சுவரம் ஒன்றுக்கு ஓர் எண்ணிக்கை; "ரிக", "நிப" என்று சேர்த்து எழுதிய இரண்டு சுவரம் மட்டும் ஓர் எண்ணிக்கைக்குள் வரும்.

க ப நி மேல்ஸ | நி ப | க ரி
வா ருங் கள் ஐ | யா வா | ருங் கள்

ரிக ப நிப க | ரி கீழ்நி | ஸ –
முதல் நாள் விருந் தாய் | வா ருங் | கள் –

முதல் வரி "ரி"யில் தொங்கலாக நிற்கும். இரண்டாவது வரி "ஸ"வில் வந்து இறங்கும். "ஐயா" என்ற விளி மேல்ஸட்ஜத்தில் விழுவதால், அழைக்கிற குரல் இயல்பாக எப்படி உயருமோ அப்படியே உயர்கிறது. சரணத்தின் முதல் இரண்டு வரிகளைக் கீழ்நிலையிலேயே நடத்திவிட்டு, மூன்றாம் வரியில் மேலே ஏற்றி, நான்காம் வரியைப் பல்லவிக்குத் திரும்பும்படி இறக்க வேண்டும். எண்ணிக்கையை மேலே கண்டபடியே பிரித்துக்கொண்டு, முதல் வரி "ஸ ரி க க ரி க ப க", இரண்டாம் வரி "க ப க ரி க ரி கீழ்நி ஸ", மூன்றாம் வரி "ப நி மேல்ஸ மேல்ஸ நி மேல்ஸ நி ப", நான்காம் வரி "க ப நி ப க ரி க ரி" என்று பாடவைத்துப் பாருங்கள். நிரையசை வருமிடத்தில் அதே சுவரத்தில் இரண்டு எழுத்தையும் சொல்லிவிடலாம். மூன்றாம் வரியில்தான் விருந்தினரைக் குறிக்கும் சொற்கள் வருகின்றன. மெட்டின் உச்சியும் அங்கேயே அமைவது தற்செயலன்று.

இந்தத் தேர்வில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மோகனத்துக்கும் ஹம்சத்வனிக்கும் வேறுபாடு ஒரே சுவரம்: அங்கே "த", இங்கே "நி". வாழ்த்தைப் பாடிய அதே பிள்ளைகள் வரவேற்பையும் பாடினால், வாய் பழகிய வழியில் "நி" இருக்க வேண்டிய இடத்தில் "த"வைப் பிடித்துவிடும். எங்கே தெரியும் என்றால், பல்லவியின் மூன்றாவது எண்ணிக்கையில், முதல் "வாருங்கள்" என்பதன் "கள்" மேலே போகாமல் சற்றுத் தாழ்ந்து, மந்தமாகக் கேட்கும். அங்கிருந்து "ஐ" என்று மேல்ஸட்ஜத்துக்கு ஏறப் பிள்ளைகள் சிரமப்பட்டுத் தாவுவார்கள். ஆர்மோனியத்தில் ஆறு கட்டை, அதாவது ஆறாவது வெள்ளைக் கட்டையை "ஸ" என்று வைத்தால், அதன் இடப்பக்கம் ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டைதான் "நி". அதற்கும் இடப்பக்கமுள்ள கறுப்புக் கட்டை "த". ஒத்திகையில் இரண்டையும் மாறி மாறி வாசித்து, எது நம்முடையது என்று பிள்ளைகளையே சொல்லவையுங்கள். மேடையில் பாட்டு தொடங்குமுன் "ப நி மேல்ஸ" என்று ஒருமுறை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினாலே காது திரும்பிவிடும். வாழ்த்துக்கும் வரவேற்புக்கும் நடுவில் குத்துவிளக்கு ஏற்றுதல் இருந்தால் இன்னும் நல்லது.

சுருதி ஆறு கட்டை என்று சொன்னது மாணவிகளையும் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களையும் எண்ணி. மேலே உள்ள மெட்டு கீழ்நிஷாதத்திலிருந்து மேல்ஸட்ஜம் வரைதான் போகிறது. அந்தச் சுருதியில் சிறுவர் குரலுக்கு இரண்டு முனையும் எட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற வயது. அவர்களைச் சேர்த்தால் சுருதியையும் இறக்க வேண்டும், இறக்கினால் சிறுமிகளுக்குக் கீழே போய்விடும். ஆகவே அந்தப் பையன்களுக்குத் தாளக் கருவியைக் கொடுத்துவிடுங்கள். தபேலாவோ மிருதங்கமோ இல்லாவிட்டால் ஒரு ஜோடி ஜாலரா போதும். பாடுவதற்கு ஆறு முதல் எட்டுப் பேர் வரை சரியான அளவு. முப்பது பேரை நிறுத்தினால் ஒரு சொல்லும் புரியாது.

காலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சுற்று ஆறு விநாடிக்கு வருமாறு தாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இயல்பாக நடக்கிற வேகத்தைவிடச் சற்றே மெதுவானது. தொடக்க இசை இரண்டு சுற்று, பல்லவி இரண்டு முறை பாட நான்கு, முதல் சரணம் நான்கு, பல்லவி இரண்டு, இரண்டாம் சரணம் நான்கு, பல்லவி இரண்டு. ஆகப் பதினெட்டுச் சுற்று, 108 விநாடி. கடைசியில் "முதல்நாள் விருந்தாய் வாருங்கள்" என்பதை இன்னொரு முறை பாடி முடித்தாலும் 114 விநாடிதான். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மேடையில் உட்கார்ந்திருப்பவர் பாடுகிறவர்களையே பார்த்துக்கொண்டு, முகத்தில் புன்னகை மாறாமல் இருக்கக்கூடிய நேரம் அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. மூன்றாவது சரணம் தொடங்கும்போது அவர் அழைப்பிதழைப் புரட்டத் தொடங்கிவிடுவார். கூடுதலாக ஒரு சரணம் வேண்டும் என்று யாராவது கேட்டால், வரவேற்புரையில் ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

ஒத்திகையில் 114 விநாடியில் முடிந்த பாட்டு மேடையில் இரண்டரை நிமிடத்துக்கு இழுத்தால் ஒலிபெருக்கியைக் கவனியுங்கள். மைதானத்தின் கடைசியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளிலிருந்தும் எதிரே இருக்கும் வகுப்பறைச் சுவரில் பட்டும் தங்கள் குரலே சற்றுத் தாமதித்துத் திரும்பி வரும். அதைக் கேட்டு அதற்காகக் காத்துக் காத்துப் பிள்ளைகள் பாடுவதால்தான் காலம் தளர்கிறது. ஒவ்வொரு வரியின் கடைசி அசை ஜாலராவுக்குப் பின்னால் விழத் தொடங்கினால் அதுதான் அடையாளம். அதைச் சரிசெய்ய, ஜாலரா போடுகிற பையனைப் பின்னால் நிறுத்தாமல் பாடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். நீங்கள் மேடைக்குக் கீழே, அவர்கள் கண்ணில் படும்படி நின்று கையால் தாளம் போடுங்கள். முந்தைய நாளாவது ஒருமுறை மைக்செட் போட்டே ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. வகுப்பறைக்குள் பாடிப் பழகியதை மட்டும் நம்ப வேண்டாம்.

பிள்ளைகளை மேடையின் ஓர் ஓரத்தில், பாதி விருந்தினரையும் பாதி கூட்டத்தையும் பார்க்கும்படிச் சாய்வாக, அரைவட்டமாக நிறுத்துங்கள். நேராகக் கூட்டத்தைப் பார்த்து நின்றால் வரவேற்கப்படுகிறவர் அவர்கள் முதுகைத்தான் பார்ப்பார். "வாருங்கள் ஐயா" என்ற இடத்தில் மட்டும் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினால் போதும். வரிக்கு வரி கை அசைத்து அபிநயம் பிடிக்கத் தொடங்கினால் குரல் மைக்கை விட்டு விலகிவிடும்.

"அதியன் கொடுத்த நெல்லி தருவோம்" என்று பாடிவிட்டுச் சால்வையை மட்டும் போர்த்தினால் வரி பொய்யாகிவிடும். பெருநெல்லி குளிர்காலத்து விளைச்சல். பிப்ரவரியில் சந்தையில் கிடைப்பது கடினமாக இருக்காது. முதல் சரணத்தின் நான்காம் வரி முடிந்து பல்லவிக்குத் திரும்பும் அந்த இரண்டு சுற்றில், அதாவது பன்னிரண்டு விநாடிக்குள், ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று சிறு தட்டில் நான்கைந்து நெல்லிக்கனியை வைத்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். காய் கிடைக்காவிட்டால் ஒரு நெல்லிக் கன்றைக் கொடுங்கள். பள்ளி வளாகத்தில் அவர் கையாலேயே நடச் சொல்லலாம். கன்றானால் தொட்டியோடு கனமாக இருக்கும் என்பதால் சிறு குழந்தையிடம் கொடுக்காமல் ஜாலரா பையனின் நண்பன் ஒருவனைத் தூக்கச் சொல்லுங்கள்.

விருந்தினர் தாமதமாக வருவதும் உண்டு. தலைமையாசிரியர் நிகழ்ச்சியைத் தொடங்கிவிடச் சொன்னால், வாழ்த்து, விளக்கு, ஆண்டறிக்கை என்று போகட்டும். வரவேற்புப் பாட்டை மட்டும் அவர் வந்து நாற்காலியில் அமரும் வரை நிறுத்திவையுங்கள். அதுவரை பிள்ளைகளை மேடைக்குப் பின்னால் வெயிலில் நிற்க வைக்காமல் வகுப்பறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். அவர் வந்ததும் அறிவிப்பு எதுவும் இல்லாமல் "ப நி மேல்ஸ" என்று ஆர்மோனியத்தில் தொடங்கிவிடலாம். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் தொகுப்பாளர் அவர் பெயரையும் பொறுப்பையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவை எழுதிய தாளைத் தொகுப்பாளர் கையில் முன்கூட்டியே கொடுத்து, பெயரின் எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.